இரவுக் கூத்து வீடியோவில் நொய்ஸைக் குறைப்பது, முகம் மெழுகாகாமல்

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து என்றால் இரவு தொடங்கி விடியும் வரைக்கும் போகும். மேடைக்கு முன்னால் இரண்டு எல்.ஈ.டி. பிளட் லைற், பக்கத்தில் ஒரு ரியூப் லைற், கோயில் பின்வீதியில் ஜெனரேற்றர். இதற்கு மேல் வெளிச்சம் கிடைக்காது. கிடைத்தாலும் கூத்தைப் பழக்கி ஆடும் அண்ணாவியார் விடமாட்டார், கண் கூசுது என்பார். ஆகவே படம் இருட்டில்தான் எடுபடும், நொய்ஸ் என்கிற பொடிப் புள்ளி வரத்தான் செய்யும். அதை ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் பெரிய ரீ.வி.யில் போட்டுப் பார்ப்பார்கள் என்பதுதான் சிக்கல். போனில் தெரியாத புள்ளி அங்கே சுவர் அளவுக்குத் தெரியும்.

முள்ளியவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கொண்டுவந்த கோப்பு ஒன்றை வைத்தே இதை எழுதுகிறேன். கமராவோடு வந்த கிற் லென்ஸ், சூமில் f/5.6, ஷட்டர் 1/50, விநாடிக்கு 25 பிரேம், ISO 12800, 8 பிட் H.264. தம்பி முதலில் நிழலைத் தூக்கிப் படத்தை வெளிச்சமாக்கி, பிறகு நொய்ஸ் நீக்கியைக் கூட்டி, கடைசியில் ஷார்ப்னெஸ் ஏற்றியிருந்தார். அதைப் பார்த்த அண்ணாவியார் சொன்னது: "தம்பி, ஆள் நான்தான். தோல் என்ர இல்லை."

இங்கே சொல்லும் பெயர்களும் எண்களும் டாவின்சி ரிசோல்வ் என்ற எடிற்றிங் மென்பொருளுக்கு உரியவை. நொய்ஸ் நீக்கும் பகுதி அதன் Studio பதிப்பில் மட்டுமே வேலை செய்யும், இலவசப் பதிப்பில் இல்லை. காசு கொடுக்காமல் செய்ய, கட்டளை எழுதி ஓட்டும் இலவசக் கருவியான ffmpeg வழியையும் கடைசியில் தருகிறேன்.

## முதல் வேலை: கழிபட்டதைப் பாருங்கள்

நொய்ஸ் நீக்கும் எந்தக் கருவியும் செய்வது கழித்தல்தான். மூலத்திலிருந்து எதையோ எடுத்துவிட்டு மிச்சத்தை நமக்குக் காட்டுகிறது. நாமும் மிச்சத்தையே பார்த்துவிட்டு நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்கிறோம். எடுத்தது என்ன என்று பார்ப்பவர் குறைவு. முகம் கெட்டதா இல்லையா என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.

ரிசோல்வில் Color பக்கத்தில் ஒவ்வொரு திருத்தமும் நோட் என்ற தனிப் பெட்டியில் இருக்கும். நொய்ஸ் நீக்கிய நோட்டைத் தெரிவு செய்து, பார்க்கும் திரைக்கு மேலே Highlight-ஐப் போட்டு, Difference முறைக்கு மாற்றுங்கள். நோட்டுக்குள் போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தெரியும். அதில் படம் முழுக்க ஒழுங்கில்லாத பொடிப் புள்ளி மட்டும் இருந்தால் நீங்கள் எடுத்தது நொய்ஸ். புள்ளிகளுக்கு நடுவே புருவத்தின் கோடு, மீசையின் ஓரம், கண் இமை என்று ஏதாவது தெரிந்தால் முகத்திலிருந்தும் எடுத்திருக்கிறீர்கள். தம்பியின் கோப்பில் கழிபட்ட படத்தைப் பார்த்தே அது யார் என்று சொல்லலாம், அவ்வளவு தெளிவாக அண்ணாவியார் அதில் இருந்தார்.

பிரேமை நிறுத்திவைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. நின்ற படத்தில் நொய்ஸ் அழுக்காகத் தெரியும், ஓடும்போது அதே நொய்ஸ் பாதி மறைந்துவிடும். மெழுகுத் தன்மை அப்படி இல்லை, ஓடவிட்டால்தான் அது முழுதாகத் தெரியவரும். ஆகவே 100 வீத அளவில், பத்து விநாடித் துண்டை ஓடவிட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: இருட்டில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள்

கறுப்புத் திரைச்சீலையிலும் தலைமயிரிலும் கழுத்து நிழலிலும் நிறத் திட்டுகள் ஊர்கின்றன. இது நிற நொய்ஸ். எல்லாவற்றிலும் சுலபமாகத் தீர்வது இதுதான், முகத்துக்குச் சேதமும் குறைவு.

கமராச் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தைத்தான் வாங்கும், மற்ற இரண்டையும் அயல் பிக்சல்களைப் பார்த்து ஊகிக்கும். இருட்டில் அந்த ஊகம் பிழையாகிறது. மஞ்சள் குண்டுபல்ப் வெளிச்சமென்றால் நீல நிறம் மிகக் குறைவாகவே வந்து சேர்ந்திருக்கும், வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யும்போது கமரா அந்த நீலத்தைப் பல மடங்கு பெருக்கும், நொய்ஸும் சேர்ந்து பெருகும். அதற்குப் பிறகு கோப்பில் நிறத் தகவல் பாதி அகலம் பாதி உயரத்தில்தான் சேமிக்கப்படுகிறது. அதனால்தான் இவை புள்ளியாக இல்லாமல் திட்டாகத் தெரிகின்றன.

நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைக் கூர்ந்து பார்க்கும், நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகப் பார்க்காது. தோலின் துவாரமும் சுருக்கமும் தாடி மயிரும் வெளிச்சத்தில்தான் இருக்கின்றன. ஆகவே நிறத்தை நன்றாகவே மழுப்பலாம். ஒரு பிரேமுக்குள் நொய்ஸை மழுப்பும் Spatial NR-இல் வெளிச்சத்துக்கான Luma-வும் நிறத்துக்கான Chroma-வும் சங்கிலியால் இணைந்திருக்கும், முதலில் அந்தச் சங்கிலியைக் கழற்றுங்கள். Luma-வை 0-இல் விட்டு, Mode-ஐ Better ஆக்கி, Radius-ஐ Medium வைத்து, Chroma-வை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். தம்பியின் கோப்புக்கு 18 போதுமாக இருந்தது. பலர் சங்கிலி இருப்பதையே கவனிக்காமல் இரண்டையும் சேர்த்து 18-க்கு ஏற்றிவிடுகிறார்கள். மெழுகு முகங்களில் கணிசமானவை அந்த ஒரு சங்கிலியிலிருந்து வந்தவை.

இதற்கும் எல்லை உண்டு. அளவு கூடினால் நெற்றிப் பொட்டின் சிவப்பு ஓரம் தாண்டித் தோலில் கசியும், உதட்டின் நிறம் சாம்பலாகும். கூத்தில் ஒப்பனை முகம் என்பதால் இது சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். பொட்டையும் உதட்டையும் 200 வீதத்துக்குப் பெருப்பித்துப் பார்த்து, கசிவு தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி நிறுத்துங்கள்.

## அறிகுறி: நிழல் முழுக்கக் கொதிக்கிறது

நிறத் திட்டுப் போய்விட்டது, ஆனால் பின்னணி இருட்டு கறுப்பு வெள்ளைப் புள்ளியாகக் கொதித்துக்கொண்டே இருக்கிறது. இந்த இடத்தில் நொய்ஸ் நீக்கியைத் தொட வேண்டாம். அந்த இருட்டு ஏன் வெளிச்சமாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

நிழலை ஒரு ஸ்ரொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சத்துக்குத் தூக்கினால் அங்குள்ள நொய்ஸும் இரண்டு மடங்காகும். தம்பி தூக்கியது கிட்டத்தட்ட இரண்டு ஸ்ரொப், அதாவது நான்கு மடங்கு. மேடைக்குப் பின்னால் இருந்தது பனைமரமும் இரவும். அதை வெளிச்சமாக்கிக் காட்ட அங்கே எதுவுமே இல்லை. வெளிச்சத்தின் அளவைக் காட்டும் வேவ்ஃபோமைத் திறந்து பார்த்தால் படத்தின் அடியில் தடித்த பட்டையாக அந்த நொய்ஸ் கிடக்கும். வெளிச்ச வளைகோட்டின் அடிப்பகுதியை மட்டும் கீழே இழுத்து, பட்டையின் பெரும்பகுதி கறுப்புக்குள் அமிழும்படி செய்யுங்கள். முகத்தின் வெளிச்சம் அந்த வளைகோட்டில் மேலே இருப்பதால் அசையாது. இந்த ஒரு வேலையிலேயே பார்ப்பவர் கண்ணுக்கு நொய்ஸ் பாதி குறைந்ததாகத் தெரியும், எதையும் மழுப்பவும் இல்லை.

வரிசையும் முக்கியம். நொய்ஸ் நீக்கம் முதல் நோட், வெளிச்சமும் நிறமும் அதற்குப் பிறகு, ஷார்ப்னெஸ் போடத்தான் வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் கடைசி. படத்தைப் பெருப்பித்த பிறகோ ஆட்டம் நீக்கிய பிறகோ நொய்ஸ் நீக்கினால் புள்ளிகள் ஏற்கெனவே அயல் பிக்சல்களோடு கலந்துவிட்டிருக்கும், பிரித்தெடுப்பது கடினம்.

## அறிகுறி: முகம் மெழுகாகிவிட்டது

மெழுகு முகம் எல்லாம் ஒரே காரணத்தால் வருவதில்லை. நான் பார்த்தவரை நான்கு வகை. எது உங்களுடையது என்று தெரியாமல் எண்ணை மாற்றிக்கொண்டிருப்பது நேர விரயம்.

முதலாவது, மூலமே மெழுகு. நொய்ஸ் நீக்கியை முழுக்க அணைத்துவிட்டு மூலக் கோப்பைப் பாருங்கள். வட்டாப்பளைப் பொங்கலையொட்டி முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரியும்போது சுற்றி நின்றவர்கள் போனில் எடுத்தவை இப்படித்தான் வந்து சேரும். போன் தானாகவே நொய்ஸை நீக்கித்தான் சேமிக்கிறது. கன்னம் வழுவழுவென்று இருக்கும், புருவ மயிர்கள் ஒட்டி ஒரே கோடாக இருக்கும், சட்டையின் கோடுகளில் மட்டும் கொஞ்சம் புள்ளி மிஞ்சியிருக்கும். இதில் தோலைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. நிற நொய்ஸ் இருந்தால் அதை மட்டும் எடுத்து, கடைசியில் சொல்லும் மெல்லிய கிறெயினைப் போட்டு விட்டுவிடுங்கள். அடுத்த முறை எடுப்பவரிடம் போனின் பிரதான லென்ஸில், 1x இலேயே எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான போன்களில் அகல லென்ஸுக்கும் தூர லென்ஸுக்கும் பின்னால் இருப்பது அதைவிடச் சின்னச் சென்சார். வெளிச்சம் குறைவாக வாங்கும், போனும் அதற்கேற்ப இன்னும் கூடத் தேய்க்கும்.

இரண்டாவது, ஒரு பிரேமுக்குள்ளேயே மழுப்பும் Spatial NR-இன் Luma கூடிப்போனது. தம்பியின் கோப்பு இந்த வகை. இந்தக் கருவி ஒரு பிக்சலை அதன் அயலோடு ஒப்பிட்டு, வித்தியாசம் சிறிதாக இருந்தால் நொய்ஸ் என்று முடிவுகட்டிச் சமப்படுத்தும். ISO 12800-இல் நொய்ஸின் அளவு, தோல் துவாரத்தின் வெளிச்ச வித்தியாசத்தைவிடப் பெரியது. நொய்ஸை எடுக்கிற அளவுக்கு ஏற்றினால் துவாரமும் சேர்ந்து போவது தவிர்க்க முடியாதது, கருவிக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. கழிபட்ட படத்தில் புருவமும் மீசையும் கோடாகத் தெரிந்தால் இதுதான்.

இதற்கு மருந்து, வெளிச்ச நொய்ஸை அடுத்தடுத்த பிரேம்களை ஒப்பிடும் Temporal NR-இடம் ஒப்படைப்பது. துவாரம் அடுத்த பிரேமிலும் அதே இடத்தில் இருக்கும், நொய்ஸ் இடம் மாறும். நான்கு பிரேமைச் சராசரி எடுத்தால் நொய்ஸ் பாதியாகும், ஒன்பது பிரேமென்றால் மூன்றிலொரு பங்காகும், துவாரம் அப்படியே நிற்கும். தம்பியின் கோப்பில் Spatial Luma-வை 0-க்கு இறக்கினேன். Temporal NR-இல் Frames 3, Mo. Est. Type Better, Motion Range Medium, Luma 12, Chroma 12. இந்த 12 என்பது என் மனக்கணக்கு இல்லை: கழிபட்ட படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 5-இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் போனேன். 14-இல் கண் இமை தெரியத் தொடங்கியது, இரண்டு கீழே வந்தேன். உங்கள் கோப்பில் அது 7 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். எண்ணைக் கடன் வாங்காதீர்கள், முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் இருட்டுப் பகுதிக்கு Spatial Luma கொஞ்சம் தேவைப்பட்டால் தனி நோட்டில், இருட்டை மட்டும் தெரிவு செய்து போடலாம். குவாலிஃபயரில் நிறத்தையும் செறிவையும் அணைத்து வெளிச்சத்தை மட்டும் விட்டு, கீழ் மூன்றிலொரு பகுதியை எடுத்து, ஓரத்தை நன்றாக மென்மையாக்குங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளிச்சம் ஒரு பக்கத்தால் வந்தால் மறுபக்கக் கன்னமும் இருட்டுக்குள் அடங்கும். ஒரே முகத்தில் ஒரு கன்னம் தோலாகவும் மற்றது மெழுகாகவும் வரும். முகத்தைச் சுற்றி ஒரு வட்ட ஜன்னல் போட்டு, அதைத் தொடரவிட்டு, தெரிவிலிருந்து கழித்துவிடுங்கள். ஆடிக்கொண்டே இருப்பவர் முகத்தில் ஜன்னல் வழுகும், இடையிடையே நிறுத்திச் சரிபார்க்க வேண்டிவரும்.

மூன்றாவது வகை விநோதமானது. நிற்கும்போது முகம் மெழுகு, தலையைத் திருப்பியதும் நொய்ஸ் பொத்தென்று வந்து விழுகிறது, நின்றதும் மறைகிறது. இது Temporal NR-இன் Luma கூடிப்போனதன் அடையாளம். நின்ற முகத்தில் சராசரி முழுதாக எடுபடுகிறது, அசையும் முகத்தில் கருவி பயந்து கைவிட்டுவிடுகிறது. பார்ப்பவருக்கு எரிச்சலூட்டுவது அந்த மாறல்தான், நொய்ஸை அவர் பொறுத்துக்கொள்வார். Temporal பகுதியிலேயே Blend என்று ஒன்று உண்டு: 0 என்றால் முழு நீக்கம், 100 என்றால் மூலம். அதை 30 வரை ஏற்றி, நின்ற முகத்திலும் கொஞ்சம் நொய்ஸ் மிஞ்சவிடுங்கள். இரண்டு நிலைக்கும் இடைவெளி குறையும்போது மாறல் கண்ணில் படாது. அண்ணாவியார் பாடும்போது நின்றும் ஆட்டத்துக்குச் சுழன்றும் மாறிக்கொண்டே இருப்பதால் எங்கள் கோப்பில் 25 வைத்தேன்.

நான்காவது, எடிற்றிங்கில் நன்றாக இருந்தது, ஏற்றுமதி செய்ததும் மெழுகாகிவிட்டது. அது கோப்புச் சுருக்கத்தின் வேலை, கடைசியில் வருகிறேன்.

மெழுகான முகத்தை ஷார்ப்னெஸ் கூட்டித் திருத்த முயல வேண்டாம். ஷார்ப்னெஸ் இருக்கிற ஓரத்தைத்தான் தடிப்பாக்கும், போன துவாரத்தை உண்டாக்காது. கண்ணும் உதடும் கத்தியால் வெட்டியது மாதிரி நிற்க நடுவில் கன்னம் வெறுமையாகக் கிடக்கும்; அண்ணாவியாரின் தோல் அவருடையதல்லாமல் போனதில் பாதி இந்த ஷார்ப்னெஸால்.

## அறிகுறி: கைக்குப் பின்னால் இன்னொரு கை

வாளை வீசும்போதும் கை முத்திரை காட்டும்போதும் பின்னால் மங்கலாக ஒரு நிழல் இழுபடுகிறது. பழைய பிரேமின் கை புதிய பிரேமோடு சராசரியாகிவிட்டது. Temporal NR-இல் Motion என்ற எண்ணைக் குறையுங்கள். இயல்பாக அது 50-இல் இருக்கும். குறையக் குறைய, கருவி சின்ன அசைவையும் அசைவு என்று கணக்கெடுத்து அந்த இடத்தைத் தொடாமல் விடும். 35 முதல் 40-க்குள் வாள் சுத்தமானது. அசையும் கையில் நொய்ஸ் மிஞ்சும், அது பரவாயில்லை, 1/50 ஷட்டரில் வேகமாக அசையும் கை எப்படியும் இழுபட்டுத்தான் இருக்கும்.

கழிபட்ட படத்தில் கையின் உருவம் இரட்டையாகத் தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். மழைக்குப் பிந்திய இரவென்றால் ஈசலையும் பாருங்கள். லைற்றைச் சுற்றும் ஈசல் ஒரு பிரேமில் ஒரு இடம், அடுத்ததில் வேறு இடம். கருவிக்கு அதுவும் நொய்ஸ்தான். பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் மின்னும். கோடைத் திருவிழாவில் செம்மண் தூசி வெளிச்சத்தில் மிதப்பதும் இதே கதை. முகத்துக்கு முன்னால் தூசி போகும் இடங்களில் நொய்ஸ் எண்ணை ஏற்றிப் பயனில்லை, அது உண்மையில் அங்கே இருந்த பொருள்.

## அறிகுறி: படத்தில் கருமையான பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன

இது நொய்ஸே அல்ல, ஆனால் நொய்ஸ் என்று நினைத்துப் பலர் கொண்டுவருகிறார்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், லைற் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு வரிசையும் முழுத் துடிப்புகளை வாங்குவதால் பட்டை வராது. போன் தானாக 1/60-க்குப் போனால் வரும். கோயிலில் ஜெனரேற்றர் என்றால் 1/50 வைத்தாலும் தப்ப முடியாமல் போகலாம். சுமை கூடும்போது எஞ்சின் இழுபட்டு 50 ஹேர்ட்ஸ் கொஞ்சம் இறங்கும், லேசான பட்டை மெதுவாக ஊரும். ஒலிபெருக்கி முழங்கும்போது பட்டை கூடினால் காரணம் ஜெனரேற்றர்தான்.

இதை நொய்ஸ் நீக்கியால் தீர்க்கப் பார்த்தால் கெடும். வெளிச்சம் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால் Temporal NR அதை அசைவு என்று நினைத்து வேலையை நிறுத்திவிடும், பட்டை போகும் இடத்தில் மட்டும் நொய்ஸ் பொங்கும். முதலில் வெளிச்சத் துடிப்பை நீக்கும் Deflicker போடுங்கள், நொய்ஸ் நீக்கத்தை அதற்கு அடுத்து வையுங்கள். முதல் நோட் என்ற விதிக்கு நான் அனுமதிக்கும் விலக்கு இது ஒன்றுதான்.

## அறிகுறி: இருட்டு இப்போது படிப்படியாக உடைகிறது

நொய்ஸ் போனது, ஆனால் லைற்றைச் சுற்றிய ஒளிவட்டமும் பின்சீலையும் வளையம் வளையமாக, படி வைத்தது மாதிரி தெரிகின்றன. 8 பிட் கோப்பில் வெளிச்சத்துக்கு 256 படிதான், இருட்டுப் பகுதிக்கு அதில் மிகச் சிலவே வரும். இவ்வளவு நேரமும் நொய்ஸ்தான் அந்தப் படிகளைக் கலைத்து மறைத்துக்கொண்டிருந்தது. முழுக்கச் சுத்தமாக்கினால் படி வெளியே வரும்.

அதனால் கடைசி நோட்டில் மெல்லிய கிறெயினைத் திரும்பப் போடுவேன். கேட்க வேடிக்கையாக இருக்கும், எடுத்ததை ஏன் போடுவான் என்று. போடுவது வேறு சாதி: நிறமில்லாத, படம் முழுக்க ஒரே அளவான, பிரேமுக்குப் பிரேம் மாறும் பொடிக் கிறெயின். படி மறையும், நிழலில் கூடுதலாக நீக்கியதும் முகத்தில் குறைய நீக்கியதும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே படமாகும், கன்னத்தின் வழுவழுப்பும் கண்ணை உறுத்தாது. 100 வீதத்தில் பார்த்தால் தெரியவேண்டும், நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் தெரியக்கூடாது. அளவு அவ்வளவுதான்.

## Studio பதிப்பு இல்லாதவர்களுக்கு

ffmpeg-இல் உள்ள hqdn3d பழையது, வேகமானது. அசைவைப் பின்தொடரும் புத்தி இதற்கு இல்லை, ஆகவே வெளிச்சத்தில் அடக்கமாக வைக்க வேண்டும். நான்கு எண்களும் வரிசைப்படி வெளிச்சம் பிரேமுக்குள், நிறம் பிரேமுக்குள், வெளிச்சம் பிரேம்களுக்கிடையே, நிறம் பிரேம்களுக்கிடையே. முதலில் பத்து விநாடி மட்டும் வெட்டி, அதில் சோதியுங்கள்:

```
ffmpeg -ss 00:12:00 -i koothu.mp4 -t 10 -an -c:v libx264 -crf 10 a.mp4
ffmpeg -i a.mp4 -vf "hqdn3d=1:6:4:9" -c:v libx264 -crf 10 b.mp4
```

முதல் எண்ணை 0 போட்டால் வெளிச்ச மழுப்பல் அணையும் என்று நினைத்துவிடாதீர்கள். 0 என்றால் இந்த வடிகட்டி தன் இயல்பு அளவான 4-க்குத் திரும்பிவிடும், முகம் மெழுகாகும். 1 அல்லது 0.5 என்று சின்ன எண்ணைக் கொடுங்கள். கழிபட்டதைப் பார்க்க:

```
ffmpeg -i a.mp4 -i b.mp4 -filter_complex "[0:v][1:v]blend=all_mode=grainextract,eq=contrast=4" diff.mp4
```

சாம்பல் பின்னணியில் எடுத்தது மட்டும் தெரியும். முகக் கோடு தெரிந்தால் முதல் எண்ணை இறக்குங்கள், அசையும் கை இரட்டையாகத் தெரிந்தால் மூன்றாவதை இறக்குங்கள். இரண்டாவதும் நான்காவதும் நிறத்துக்கு உரியவை, அவற்றில் பயமில்லாமல் கூட்டலாம், பொட்டைப் பார்த்துக்கொண்டால் சரி.

## ஏற்றுமதியில் கெட்டால்

நான்காவது வகை மெழுகு இங்கே. எடிற்றிங் திரையில் தோல் இருக்கிறது, பென்டிரைவுக்குப் போட்ட கோப்பில் இல்லை. H.264 பிற்றைச் சேமிக்க முதலில் வீசுவது இருட்டுப் பகுதியின் மெல்லிய நுணுக்கத்தை. இருட்டில் எடுத்த முகமும் அதில் அடங்கும். அடையாளம்: தோல் ஒரு விநாடியோ இரண்டோ உறைந்து நிற்கும், பிறகு முழுப் பிரேம் வரும் நேரத்தில் ஒருமுறை துடித்துப் புதுசாகும், மீண்டும் உறையும். நொய்ஸ் நீக்கியைத் தொட்டால் இது மாறாது. பிற்றேற்றைக் கூட்டுவதுதான் வழி, கீழே வரும் கட்டளையில் -crf எண்ணைக் குறைத்தால் அது கூடும்.

பென்டிரைவுக்குக் கொடுக்கும் கோப்பை இப்படிச் செய்கிறேன். நடுவில் உள்ள noise பகுதி முன்னே சொன்ன மெல்லிய கிறெயின், வெளிச்சத்துக்கு மட்டும்:

```
ffmpeg -i edit.mov -vf "noise=c0s=5:c0f=t" -c:v libx264 -preset slow -tune grain -crf 18 -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k final.mp4
```

-tune grain என்பது மெல்லிய புள்ளியை வீசாமல் வைத்திருக்கச் சொல்கிறது. கோப்புப் பெரிதாகும், விடிய விடிய நடந்த கூத்தென்றால் மிகப் பெரிதாகும். பென்டிரைவை FAT32-இல் வைத்திருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, exFAT-க்கு மாற்றுங்கள் அல்லது காட்சி காட்சியாக வெட்டிக் கொடுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் இவ்வளவு வேலையும் அழிந்துபோகும், அது தன் பங்குக்கு மீண்டும் சுருக்கும். கோப்பாக, டொக்கியூமென்ற் வழியாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.